கையால் கலந்தால்தான் மாவு பொங்குமா?

சமையல் சோடாவும் வினிகரும் கலந்து நுரை கக்கும் எரிமலை ஏறக்குறைய எல்லாப் பள்ளிக் கண்காட்சியிலும் இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் நடுவர், "நீ எதைத் தெரிந்துகொள்ள இதைச் செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளை முழிக்கும். கேள்வியே இல்லாமல் செய்தால் விடை எப்படி வரும்? ஈரத்துணி சுற்றிய பாட்டிலில் தண்ணீர் எத்தனை டிகிரி குளிரும் என்பதுகூட நல்ல கேள்விதான். எனக்குப் பிடித்தது நம் அடுக்களையிலேயே கிடக்கிறது. இட்லி மாவைக் கையால் கலந்தால்தான் பொங்கும் என்கிறார்களே, உண்மையா?

நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து என்று ஊறவைத்து அரைத்து, உப்புப் போட்டு, மாவை இரண்டு பாத்திரங்களில் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒன்றைக் கழுவிய கையால் 50 சுற்று, மற்றதைக் கரண்டியால் 50 சுற்று கலக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள கண்ணாடி டம்ளர்களில் ஒவ்வொன்றிலும் மூன்றாக, 4 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, மூடி, ஆறையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். டம்ளரின் பாதிக்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது இதற்கு முன்பே. கிரைண்டரிலிருந்து மாவைக் கையால்தானே வழிக்கிறோம்! அப்படி வழித்தால் கரண்டி டம்ளரிலும் கை பட்டுவிட்டது. அரிசி, உளுந்து களைவது முதல் வழிப்பது வரை எல்லாம் கரண்டியால்தான். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

வழக்கம்போல இரவில் வைத்தால் பிள்ளை தூங்கும்போது மாவு பொங்கிவிடும். விடுமுறை நாளில் காலை 7 மணிக்கு வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை டம்ளரை அசைக்காமல் அளவுகோலை வெளியே வைத்து உயரம் குறிக்கலாம். ஓரளவுக்கு மேல் போனால் மாவு அமுங்கத் தொடங்கும். அதனால் கடைசி உயரத்தை அல்ல, உச்ச உயரத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கை டம்ளர்களில் 7.8, 8.1, 7.6 செ.மீ., கரண்டி டம்ளர்களில் 7.7, 7.9, 7.4 செ.மீ. வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி வித்தியாசம் 0.2 செ.மீ.கூட இல்லை. ஆனால் கை டம்ளர்களுக்குள்ளேயே 0.5 செ.மீ. வித்தியாசம் இருக்கிறது. அப்படியானால் கைதான் காரணம் என்று சொல்ல முடியாது. டம்ளர் ஒன்றே ஒன்று வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

கரண்டி மாவும் பொங்குவதற்குக் காரணம் உண்டு. மாவைப் புளிக்கவைக்கும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவை சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகின்றன. உளுந்தின் பசை அந்தக் குமிழிகளைப் பிடித்துவைக்கிறது.

இது ஒரு வீட்டு மாவு, ஒருவர் கை, ஒரு நாள் வெயில். அதையும் அட்டையில் எழுத வேண்டும். கண்காட்சி மேசையில் மாவு பொங்கக் காத்திருக்க முடியாது. எனவே ஆறு டம்ளர்களையும் அளந்த நேரங்களில் எடுத்த படங்களை வரிசையாக ஒட்டி, பக்கத்திலேயே உயரங்களை எழுதிவைத்தால் போதும்.