கடையைக் கைமாற்ற நினைப்பவர் கவனத்திற்கு

விழுப்புரம் பாகர்ஷா வீதியிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் முப்பது நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம் வணிகர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். கடையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு வீட்டில் எழும்போது, முதலில் வரும் கேள்வி "என்ன விலை போகும்?" என்பதுதான். உரிமையாளர் மனதில் இருக்கும் தொகைக்கும் வாங்க வருபவர் சொல்லும் தொகைக்கும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும்.

வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஒரு மளிகைக் கடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஏட்டில் சரக்கிருப்பு 14 லட்சம் ரூபாய். நாள் கடந்ததும் நகராததும் 2 லட்சத்துக்குத் தேறும். அதைக் கழித்தால் 12. வாடிக்கையாளர் பாக்கி 5 லட்சம் என்று நோட்டு சொல்கிறது. அதில் இரண்டு மாதத்துக்கு உட்பட்டது 3 லட்சம்தான். பழைய பாக்கிக்கு வாங்குபவர் காசு தரமாட்டார். ஃப்ரிட்ஜ், தராசு, ரேக்குகள் ஒன்றரை லட்சம், கட்டட அட்வான்ஸ் 2 லட்சம். ஆக 18.5. மொத்த வியாபாரிகளுக்குத் தரவேண்டிய 4.5 லட்சத்தைக் கழித்தால் நிகரம் 14 லட்சம்.

இனி குட்வில். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி, செலவெல்லாம் போக மிஞ்சுவது 7.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளரும் மனைவியும் உழைக்கும் உழைப்புக்குச் சம்பளம் போட்டால் 3.6 லட்சம். அதைக் கழித்தால் உண்மையான லாபம் 4.2 லட்சம். போட்ட 14 லட்சத்துக்கு 15 சதவீத வருமானம் நியாயம் என்று கொண்டால் 2.1 லட்சம் போகும். மீதி 2.1 லட்சம்தான் பெயராலும் இடத்தாலும் வருவது. இரண்டு ஆண்டுக்குப் பெருக்கினால் குட்வில் 4.2 லட்சம், மொத்த விலை 18.2 லட்சம். நாற்பது லட்சம் எதிர்பார்த்தவருக்கு இது கசக்கும்.

இதுவும் கட்டட உரிமையாளர் புதியவருக்கு ஒப்பந்தம் போட்டுத் தந்தால்தான். அவர் மறுத்தால் குட்வில் அப்படியே கரைந்துவிடும். ஆகவே பேரம் தொடங்குமுன் அவரைப் பாருங்கள். கம்பெனி ஏஜென்சியை நம்பி விலை சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் கம்பெனியின் முடிவு. பில் போடாத விற்பனைக்கும் விலை கிடைக்காது. வாங்குபவர் பார்ப்பது ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் வங்கிக் கணக்கும்தான். ஆகையால் மூன்று ஆண்டு முன்பே கணக்கைச் சீராக்க வேண்டும்.

நடக்கும் கடையை முழுமையாக மாற்றினால் அந்த மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் வாங்குபவருக்கு மாற்றலாம். அதற்கு ஆடிட்டர் சான்று வேண்டும். பிறகு பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். பத்திரத்தில் சரக்குக்கு இவ்வளவு, குட்வில்லுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே தொகையாக எழுதுங்கள். நாம் மேலே பிரித்தது பேரத்துக்காக மட்டும். மூன்று ஆண்டுக்கு மேல் நடத்திய தொழிலை அப்படி மொத்தமாக விற்றால், ஐந்தொகையின் நிகர மதிப்புக்கு மேல் வருவதே நீண்டகால மூலதன லாபம், வரி 12.5 சதவீதம். ஐந்தொகையிலும் நிகரம் 14 லட்சமாக இருந்தால், 4.2 லட்சத்துக்குச் சுமார் 52,500 ரூபாயும் செஸ்ஸும். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும்.

கையில் நிற்பது சுமார் 17.7 லட்சம். நம்மவர்கள் வழக்கமாக இதை பைபாஸ் ஓரத்து மனை ஒன்றில் போட்டுவிடுவார்கள், அல்லது தெரிந்தவரிடம் வட்டிக்கு விடுவார்கள். மனை அவசரத்துக்கு விற்காது. மாதம் முப்பது சதவீதம் வரை வட்டி என்ற ஆருத்ரா கதை 2022-இல் எப்படி முடிந்தது என்பதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு பங்கீடு இப்படி இருக்கலாம். வைத்தியச் செலவுக்கும் அவசரத்துக்கும் 4 லட்சம் வங்கி டெபாசிட். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. அறுபது வயது ஆனவர் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 9 லட்சம் போடலாம்; உச்ச வரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத விகிதப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்து ஆண்டுக்கும் நீடிக்கும். ஏழெட்டு ஆண்டு தொடத் தேவையில்லாத மூன்றரை லட்சத்தை இண்டெக்ஸ் மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணையாகச் செலுத்தலாம். இது இறங்கவும் செய்யும். மீதி 1.2 லட்சம் தங்கத்தில்.

இதில் ஒரு உண்மை மறைந்திருக்கிறது. கடை மாதம் 65,000 தந்தது. அஞ்சலக வட்டி மாதத்துக்கு 6,150 தான். கடை தந்ததில் 30,000 இருவரின் கூலி. அது கடையோடு நின்றுவிடும். வேறு வாடகை வருமானமோ பிள்ளைகள் துணையோ இல்லாதவர், இந்தக் கணக்கைப் பத்து ஆண்டு முன்பே போட்டு, ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பகுதியைக் கடைக்கு வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும். வாங்க ஆளே வராவிட்டாலும் நட்டமில்லை: கொள்முதலைக் குறைத்து, பாக்கியை வசூலித்து, ஓராண்டில் சரக்கைத் தீர்த்தால் அந்த 14 லட்சத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.