கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப்போகுமுன்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அடிக்கடி காணும் காட்சி இது. பத்து நாளாக வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவரைக் காட்டி மருத்துவர் கையை விரிக்கிறார். "இனி எங்களால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. குழாயை நாங்களாக எடுக்க முடியாது. வேண்டுமானால் உங்கள் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார். மகன் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறான். ஆம்புலன்சில் ஒருவர் ஆம்பு பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறார். வீட்டுக் கூடத்தில் கட்டில் தயாராக இருக்கிறது. அங்கே பை அமுக்குவது நிற்கிறது. அதன்பின் வரும் மூச்சுத் திணறலைத் தணிக்க வீட்டில் மருந்தும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை.

குடும்பம் உயிர்காக்கும் கருவியை மறுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, நம்மூரில் குடும்பங்கள் காலங்காலமாக அதை மறுத்துக்கொண்டுதான் இருக்கின்றன என்பதே. மறுத்தது கொல்லைப்புற வழியாக, பெரும்பாலும் பணம் தீர்ந்தபின். வாசல் வழியைச் சட்டம் திறந்தது 2018 மார்ச் 9 அன்று. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. ஊசி போட்டு உயிரைப் போக்குவது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். அனுமதிக்கப்பட்டது வேறு: மீளவே வழியில்லாத நோயாளிக்குக் கருவியைப் பொருத்தாமல் விடுவது, அல்லது பொருத்தியதை எடுப்பது. சட்டத்தின் கண்ணில் இவ்விரண்டும் ஒன்றுதான்.

அதே தீர்ப்பு 'லிவிங் வில்' எழுதும் உரிமையையும் தந்தது. சொத்து உயில் ஆள் போனபின் பேசும். இந்த உயில் ஆள் இருக்கும்போதே, அவரால் பேச முடியாத நாட்களில், அவருக்காகப் பேசும். நினைவும் தெளிவும் இருக்கும்வரை இதற்கு வேலையில்லை. அப்போது அவர் வாய்ச்சொல்லே போதும்.

2018இல் சொன்ன நடைமுறை, குற்றவியல் நடுவர் கையெழுத்துவரை இழுத்ததால், பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்டது. தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கமே மீண்டும் நீதிமன்றம் போய் முறையிட்டது. 2023 ஜனவரி 24 அன்று விதிகள் எளிதாயின. இன்று நடைமுறையில் இருப்பது அதுதான்.

அது எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். 76 வயது அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் கும்பகோணத்தில், மகன் சிங்கப்பூரில். மனைவி கடைசி ஒரு மாதத்தைக் குழாய்களோடு கழித்ததைப் பார்த்தபின், அவர் இரண்டு பக்கத்தில் தன் விருப்பத்தை எழுதிவைக்கிறார். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போடுகிறார். சாட்சிகள் கூடியவரை வெளியாட்களாக இருப்பது நல்லது. பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்றொப்பம். தன் சார்பில் முடிவெடுக்க மகளை நியமிக்கிறார். விரும்பினால் ஒன்றுக்கு மேற்பட்டோரையும் நியமிக்கலாம். ஒரு பிரதி மகளிடம், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்படும் அதிகாரியிடம். தன் ஊரில் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்பதை மட்டும் அவரவர் நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அவர் எழுதிய வாசகத்தில்தான் விஷயம் இருக்கிறது. "என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்" என்று எழுதினால் எந்த மருத்துவரும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தெளிவில்லாத ஆவணத்தைச் செயல்படுத்தக் கூடாது என்றே தீர்ப்பும் சொல்கிறது. நம் தலைமையாசிரியர் எழுதியது இப்படி: "குணமாகும் வாய்ப்பில்லை என்றும், என் மக்களை நான் இனி அடையாளம் காண மாட்டேன் என்றும் மருத்துவர்கள் முடிவுசெய்தால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி இயக்குவது இவை எதுவும் வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்தைக் குறைக்காதீர்கள்." மனம் மாறினால், இதே முறையில் எழுத்தில் ரத்து செய்யலாம். பல ஆவணங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டது செல்லும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு நள்ளிரவு, மூளையில் பெரிய ரத்தக்கசிவு. அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஆவணம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மருத்துவமனையில் குழாய் பொருத்துகிறார்கள். இதில் யார் தவறும் இல்லை. அவசர நேரத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். பொருத்தியதை எடுக்கச் சட்டம் இடம் தருவதால், குழாய் போட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டதாக மகள் பதற வேண்டியதில்லை.

ஒன்பதாம் நாள் மகள் பிரதியைக் கொடுக்கிறாள். மருத்துவமனை அது உண்மையானதா என்று சரிபார்த்து முதல் குழுவை அமைக்கிறது: சிகிச்சை தரும் மருத்துவர், அவரோடு ஐந்தாண்டாவது அனுபவமுள்ள துறை வல்லுநர் இருவர். கூடியவரை 48 மணி நேரத்தில் அவர்கள் கருத்தைச் சொல்ல வேண்டும். 'நிறுத்தலாம்' என்றால் இரண்டாம் குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்பும் மருத்துவர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத வல்லுநர் இருவரும் இருப்பார்கள். அதற்கும் 48 மணி நேரம். இரு குழுவும் ஒத்துக்கொண்டு, நியமிக்கப்பட்ட மகளும் சம்மதித்தால், மருத்துவமனை குற்றவியல் நடுவருக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் கருவியை எடுக்கலாம். தகவல்தான், அனுமதி அல்ல. குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

ஆவணமே இல்லாவிட்டால்? அப்போதும் இதே இரு குழு வழிதான். சம்மதம் மட்டும் நெருங்கிய உறவினரிடமிருந்து வர வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மனைவியா, மூத்த மகனா, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருமகளா, யார் சொல் முதல் என்று தீர்ப்பு வரிசை வகுக்கவில்லை. ஒருவர் முரண்டு பிடித்தால் மருத்துவமனை பெரும்பாலும் பின்வாங்கிவிடும். நம் கதையில் சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கும் மகன், "எல்லாம் செய்யுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள்" என்கிறான். அப்பாவை இரண்டு வருடமாகப் பார்க்காத குற்றவுணர்வு அது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆவணம் இல்லையென்றால் அந்த வாக்கியம் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும். மகள் தகராறு செய்யவில்லை. இரண்டாம் பக்கத்தைக் கையில் கொடுத்து, "அண்ணா, அப்பா கையெழுத்துதானே, நீயே படி" என்கிறாள்.

குழாயை எடுக்கும்போது செய்வதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் மார்பின் போன்ற மருந்தைக் கொடுத்து மூச்சுத் திணறலை அடக்குகிறார்கள். சளியை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஓயாமல் கத்தும் மானிட்டரை அணைத்துவிட்டுக் குடும்பத்தை உள்ளே விடுகிறார்கள். சிலருக்குச் சில நிமிடம், சிலருக்கு ஒரு நாள், அபூர்வமாக அதற்கும் மேல். எவ்வளவு நேரம் என்று அடித்துச் சொல்லும் மருத்துவரை நம்ப வேண்டியதில்லை. நிறுத்தப்பட்டது கருவி; வலி மருந்தும், வாயை நனைப்பதும், பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் கடைசிவரை தொடரும். ஆம்புலன்சில் பை அமுக்கிக் கொண்டுபோனவருக்குக் கிடைக்காதது இதுதான்.

தலைமையாசிரியர் அன்று மாலை போனார். மரணக் காரணத்தில் மருத்துவர் எழுதியது, மூளை ரத்தக்கசிவு.