விளையாட்டு விற்ற காசு வீடு வந்து சேர

கணினி விளையாட்டு ஒன்றைத் தனியாளாக உருவாக்கி ஸ்டீம் தளத்தில் விற்பவருக்கு, முதல் பணம் வரும்போதே ஒரு குழப்பமும் வரும். கடைக்கான 30 சதவீதத்தைக் கழித்துப் பார்த்தாலும், வங்கியில் ஏறிய தொகை கணக்கோடு ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தில் வங்கிக் கட்டணம் கொஞ்சம் இருக்கும். பெரும்பகுதி அமெரிக்க வரியாக இருக்கலாம்.

ஸ்டீமை நடத்தும் வால்வ் அமெரிக்க நிறுவனம். அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் விளையாட்டை வாங்கியதில் உங்களுக்குச் சேரும் பங்கை அந்நாட்டுச் சட்டம் உரிமத்தொகையாகப் பார்க்கிறது. அதில் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நிறுவனம் பணம் அனுப்ப வேண்டும். மற்ற நாடுகளில் நடந்த விற்பனைக்கு இந்தப் பிடித்தம் இல்லை. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு. அதன் 12-ஆவது பிரிவின்படி இந்த வரி 15 சதவீதமாகக் குறையும். ஆனால் தானாகக் குறையாது, நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கேட்கும் இடம், கணக்குத் தொடங்கும்போது நிரப்பும் W-8BEN படிவம். தனிநபர்களுக்கானது இது. அமெரிக்க வரி எண் எடுக்கத் தேவையில்லை. சொந்த நாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் போதும். நிரந்தர முகவரியாக வீட்டு முகவரியே வேண்டும், அஞ்சல் பெட்டி எண் செல்லாது. பெயர் பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் இந்தப் படிவத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது நல்லது. ஓர் இடத்தில் தலைப்பெழுத்தோடும் இன்னோர் இடத்தில் அப்பா பெயரை விரித்தும் எழுதுவது நம்மிடையே சகஜம். பணம் வழியில் நிற்க அதுவே காரணமாகிவிடும்.

ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். கடையின் பங்கு போக உங்களுக்கு 1,000 டாலர். அதில் அமெரிக்க விற்பனையில் வந்தது 400 டாலர். ஒப்பந்தச் சலுகை கேட்டிருந்தால் பிடித்தம் 60 டாலர், கேட்காவிட்டால் 120. எது நடந்தது என்பதை மாத அறிக்கையிலேயே பார்த்துவிடலாம். ஆண்டு முடிந்ததும் வரும் 1042-S படிவத்திலும் இருக்கும்: கட்டம் 3b-யில் வரி விகிதம், 7a-யில் பிடித்த தொகை.

இந்தியாவில் கணக்குக் காட்டும்போது வருமானம் 1,000 டாலர்தான். கைக்கு வந்த 940 அல்ல. பிடித்த 60 டாலருக்கு, இதுவரை படிவம் 67 என்று அறியப்பட்ட படிவத்தின் வழியே, இங்குள்ள வரியில் கழிவு கேட்கலாம். 1042-S ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கானது, நம் நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. அதனால் மாத அறிக்கைகளை எடுத்து வைத்து, நம் ஆண்டுக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கழிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. அந்த வருமானத்துக்கு இந்தியாவில் கட்ட வேண்டிய வரிக்கு மேல் கழிவு கிடைக்காது. புதிய வரிமுறையில் 2025-26 முதல் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு, தள்ளுபடி போக, பொதுவாக வரியே இல்லை. அவருக்கு அந்த 60 டாலர் திரும்பாது. இரண்டாவது, ஒப்பந்த விகிதத்துக்கு மேல் அமெரிக்காவில் பிடித்ததை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள். 120 பிடித்திருந்தால், கூடுதலான 60-ஐ அமெரிக்க வரித்துறையிடம் தனியாகக் கணக்குத் தாக்கல் செய்துதான் கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே W-8BEN-ஐச் சரியாக நிரப்புவது இதனால்தான் முக்கியம்.

வங்கியில் கேட்பது வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும், அது எதற்காக வந்தது என்பதைச் சொல்லும் ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீடு வேண்டும். பதில் சொல்லும்வரை பணம் கணக்கில் ஏறாமல் கிடக்கலாம். அலைபேசி விளையாட்டில் ஓடும் விளம்பரங்களுக்குக் கூகுளின் ஆட்மாப் அனுப்பும் பணம் விளம்பர வகை, அதற்கான குறியீடு P1007. விளையாட்டு விற்ற பணம் வேறு வகை. எனவே இரண்டையும் ஒரே குறியீட்டில் போட்டுவிடாமல், முதல் தொகை வருவதற்கு முன்பே கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் வரவுச் சான்றையும் வாங்கி வையுங்கள். ஏற்றுமதி வருமானம் என்று ஜிஎஸ்டியில் காட்ட அது உதவும்.

W-8BEN-க்கு ஆயுளும் உண்டு. 2026-இல் கையெழுத்திட்டால் பொதுவாக 2029 டிசம்பர் 31 வரை செல்லும். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் பிடித்தம் மறுபடி 30 சதவீதத்துக்கே போய்விடும்.