சீட்டு எப்போது குலுக்குவது?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடை, பொங்கல் என்றால் மின்னொளி கபடி உண்டு. அன்று பதிவு என்பது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். பொழுது சாயும்போது மைதானத்துக்கு வரும் கேப்டன் நுழைவுக் கட்டணத்தைக் கட்டி, பன்னிரண்டு பேர் பெயரை எழுதிக் கொடுப்பார். களத்தில் ஏழு, மாற்றுக்கு ஐந்து. 55 கிலோ போட்டி என்றால் பருத்தி மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்க வேண்டும். பிறந்த தேதியை யாரும் கேட்டதில்லை. வெளியூர் ஆளைச் சேர்த்திருந்தால் எதிரணிக்காரர்களே முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள்.

இப்போது பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது, பணம் ஜிபேயில். ஆதாரில் வயதும் ஊரும் தெரிந்துவிடும். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்திலேயே பதிவு: பள்ளி மாணவர்களுக்கு 12 முதல் 19 வயது, கல்லூரிக்கு 17 முதல் 25, பொதுப்பிரிவுக்கு 15 முதல் 35. வயதில் ஏமாற்றுவது குறைந்திருக்கிறது, மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் பழைய நோட்டே மேல். அன்று எடை பார்த்து முடிந்த பிறகு, நேரில் வந்த அணிகளுக்கு மட்டும் சீட்டு குலுக்குவோம். வராதவர்களால் நஷ்டமில்லை. இன்று இரண்டு நாள் முன்பே அட்டவணை போட்டுக் குரூப்பில் அனுப்பிவிடுகிறோம். எதிரணி யார் என்று பார்த்ததும் சிலருக்குத் திடீரென்று காய்ச்சல் வந்துவிடுகிறது!

21 அணிகள் பதிந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக் அவுட்டில் அடுத்த இரட்டிப்பு எண் 32. வித்தியாசம் 11; அத்தனை அணிகளுக்கு பை. மீதிப் பத்து அணிகள் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்து பேர் ஜெயித்தால், இரண்டாம் சுற்றில் 16. அந்த எட்டு ஆட்டங்களில் மூன்றிலாவது பை வாங்கிய இரு அணிகள் மோதியே தீரும். அதில் ஒன்று கடைசி நேரத்தில் விலகினால் மற்றது வாக் ஓவரில், காலில் மண் படாமல் காலிறுதிக்குப் போகிறது. அங்கே அதை எதிர்கொள்வது அதே ராத்திரியில் இரண்டு ஆட்டம் ஆடிக் களைத்த அணியாக இருக்கலாம். சண்டை வராமல் என்ன செய்யும்?

குலுக்கலுக்கு முன் தெரிந்திருந்தால் 20 அணிக்கு 12 பை என்று புதிதாகப் போட்டிருக்கலாம். குலுக்கிய பிறகு மாற்றினால் கமிட்டி தனக்கு வேண்டிய ஊருக்குச் சாதகம் செய்கிறது என்பார்கள்.

அதனால் பெயர், ஆதார், கட்டணம் எல்லாம் போனிலேயே இருக்கட்டும். சீட்டை மட்டும் எடை பார்த்த பிறகு மைதானத்தில், எல்லா கேப்டன்களையும் வைத்துக்கொண்டு குலுக்குங்கள். கேப்டன்மாரே, வர முடியாதென்றால் அதற்கு முன்னால் ஒரு போன் போடுங்கள்.