வாழைப்பழத்துக்கு வைத்த முதல்

தஞ்சைப் பெரிய கோயில் பரிவார ஆலயத்துப் பிள்ளையாருக்கு நாளொன்றுக்கு 150 வாழைப்பழம் படைக்க வேண்டும் என்று முதலாம் இராசராசன் ஏற்பாடு செய்தான். அதைச் சொல்லும் கல்வெட்டு ‘அரசன் பழம் கொடுத்தான்’ என்ற அளவில் நிற்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டுகிறது. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 54,000 பழம் வேண்டும். அன்றைய விலை காசுக்கு 1,200 பழம். ஆக, ஆண்டுச் செலவு 45 காசு. காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு. 45 காசு வட்டியாக வர வேண்டும் என்றால் முதல் 360 காசு. அந்த 360 காசும் தஞ்சாவூர் நகரத்தாரிடம், அதாவது வணிகர்களிடம், பிரித்துக் கொடுக்கப்பட்டது. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் பிள்ளையாருக்குப் பழம் வர இதுதான் வழி.

சோழர் காலக் கோயிலின் பொருளாதாரம் இந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. முதலில் செலவைத் தீர்மானிக்கிறார்கள். அதை எட்டால் பெருக்கினால் முதல் கிடைக்கிறது. அந்த முதல் கோயில் மதிலுக்குள் தங்குவதில்லை. வணிகர் கைக்கோ ஊர்ச் சபையின் கைக்கோ போய்விடுகிறது. கோயிலுக்கு வந்து சேர்வது வட்டி மட்டுமே. பெருமானின் நீராட்டுக்கும் குடிநீருக்கும் மணமூட்டும் ஏலரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் போன்ற சின்னச் சின்னச் சரக்குக்குக்கூட இப்படித் தனித்தனியாக முதல் வைத்திருக்கிறார்கள். கோயில் என்றால் பொன்னைக் குவித்துப் பூட்டி வைக்கும் இடம் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. நகைகளையும் பாத்திரங்களையும் பொறுத்தவரை அது உண்மைதான். சேரரையும் பாண்டியரையும் வென்று எடுத்த செல்வத்திலிருந்து இராசராசன் கொடுத்தவை எடை உட்படக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆனால் காசாகக் கொடுத்த பெருந்தொகைகள் ஊர்களுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் தமக்கை குந்தவையார் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டுக்காக வைத்த முதலும் அப்படித்தான்.

விளக்கெரிக்கும் ஏற்பாட்டில் காசுக்குப் பதில் ஆடு முதலாகிறது. தஞ்சைக் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டுக்குப் பதிலாகப் பசு என்றால் 48, எருமை என்றால் 16. அதாவது இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, ஆறு ஆட்டுக்கு ஓர் எருமை. இவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நாழியில் கால் பங்கு உழக்கு. எந்த உழக்கு என்று பிற்பாடு தகராறு வரக்கூடாது அல்லவா? அதனால் ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட கோயில் அளவையாலேயே அளக்க வேண்டும் என்று குறித்துவிட்டார்கள்.

இந்த ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அக்காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சாகாத ஆடும் கிழடாகாத ஆடும் எந்தக் கிடையிலும் இல்லை. அந்தப் பெயர் குறிப்பது முதலின் தன்மையை. கிழட்டாட்டைக் கழித்து, பிறந்த குட்டியை அதன் இடத்தில் சேர்த்து, தொண்ணூற்றாறு என்ற எண்ணிக்கையை இடையர் காப்பாற்றி வர வேண்டும். அதற்கு மேல் பெருகும் குட்டி, பால், எரு எல்லாம் அவருக்கு. நல்ல மழை பெய்து மேய்ச்சல் செழித்த ஆண்டில் இது ஆதாயமான ஏற்பாடுதான். கிடையில் நோய் விழுந்து பாதி ஆடு செத்துவிட்டாலும் உழக்கு நெய்யில் ஒரு துளி குறையக் கூடாது. அந்த ஆண்டின் நட்டம் முழுவதும் இடையர் தலையில். அவருக்குப் பிறகு அவர் மக்களும் மக்கள் மக்களும் அளக்கக் கடமைப்பட்டவர்கள்.

இதனால்தான் கோயிலை அக்காலத்து வங்கி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. வங்கியில் கடன் வாங்கியவர் முதலைத் திருப்பிக் கட்டிவிட்டு வெளியே வரலாம். இங்கே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தவணை இல்லை. 100 காசு பெற்ற சபை ஆண்டுக்குப் பன்னிரண்டரைக் காசு வீதம் கட்டினால் எட்டே ஆண்டில் வாங்கிய அளவு கட்டி முடித்திருக்கும். அதற்குப் பின்னும் கடமை தொடர்கிறது, பேரன் காலத்திலும் தொடர்கிறது. அந்தக் காசைக் கொண்டு ஏரியை ஆழப்படுத்தியோ தரிசைத் திருத்தியோ விளைச்சலைக் கூட்டிக்கொண்ட ஊருக்கு அது பாரமாக இருந்திராது. அப்படிச் செய்ய இயலாத ஊருக்கு, ஒருமுறை வாங்கிய பணம் நிரந்தர வரியாகவே மாறியிருக்கும். பேரரசனின் கோயில் நீட்டும் பணத்தை ஒரு சபை வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வட்டியை எந்த வடிவத்தில் கட்டுவது என்பதும் முக்கியம். காசாகக் கட்ட வேண்டிய இடத்தில் விலைவாசி ஏறினால் கோயிலுக்கு நட்டம், ஏனென்றால் அதே காசுக்குக் குறைவான பழமே கிடைக்கும். நெல்லாகவோ நெய்யாகவோ கட்ட வேண்டிய இடத்தில் விளைச்சல் குறைந்தால் கொடுப்பவருக்கு நட்டம். நாள்தோறும் நடந்தாக வேண்டிய விளக்குக்கு நெய்யாகவே கேட்டதில் கோயிலின் முன்யோசனை தெரிகிறது.

வட்டிப் பணத்தோடு நிலத்திலிருந்தும் வருவாய் வந்தது. சோழ நாட்டிலும் வெளியிலும், ஈழத்திலும்கூட, ஊர்கள் பெரிய கோயிலுக்கு நெல் அளந்தன. அந்த நெல் ஊதியமாக மறுபடியும் வெளியே போனது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தலைக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் வழங்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடலாசான், கணக்கர், தையற்காரர், தட்டார், குயவர், வண்ணார், நாவிதர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஓர் ஊரின் தொழிலாளர் முழுவதையும் அதில் பார்க்கலாம்.

கல்லில் இருப்பது வாக்குறுதி மட்டுமே. இத்தனை காசு பெற்றோம், இத்தனை கட்டுவோம் என்று அது சொல்லும். ஐம்பது ஆண்டு கழித்தும் கட்டினார்களா என்று அந்தக் கல்வெட்டே சொல்லாது. அதற்கு வேறு தடயங்களைத் தேட வேண்டியிருக்கிறது. பழைய செங்கற்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் மறுபடி வெட்டிய வழக்கம் அப்படி ஒரு தடயம். செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் இதைச் செய்திருக்கிறார். செத்துப்போன உரிமைக்கு யாரும் சிற்பியைக் கூலிக்கு அமர்த்திக் கல் வெட்ட மாட்டார்கள். பழைய கொடையில் சிலவாவது அப்போதும் வசூலில் இருந்தன, அல்லது வசூலிக்கும் எண்ணம் கோயிலுக்கு இருந்தது என்று அதிலிருந்து கொள்ளலாம்.

பணம் எதிர்த்திசையில் போனதற்கு ஆலங்குடியில் சான்று உண்டு. பஞ்சம் வந்து ஊர் தவித்தபோது சபையார் கோயில் பண்டாரத்தை நாடினார்கள். கோயிலின் பொன்னும் வெள்ளியும் ஊருக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டன. பொன் மட்டும் ஆயிரம் கழஞ்சுக்கு மேல். இந்தக் கடனையும் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.