கிளெய்ம் மறுப்பு: கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்க வேண்டும்

மருத்துவக் காப்பீட்டில் கிளெய்ம் மறுக்கப்படுவதற்கு அடிக்கடி காரணமாவது காத்திருப்புக் காலம். கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றின் சிகிச்சைக்குப் பல பாலிசிகள் 24 மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. திட்டமிட்டுச் செய்யக்கூடிய இத்தகைய சிகிச்சைகளுக்காகவே பாலிசி எடுப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம்.

ஓர் உதாரணம்: பாலிசி 2023 ஜூன் 10-ல் தொடங்கியது, கண்புரை அறுவை சிகிச்சை 2025 பிப்ரவரி 14-ல் நடந்தது. "விதிகளின்படி நிராகரிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதினால் பாலிசிதாரருக்கு எதுவும் புரியாது. கடிதத்தில் பிரிவு எண்ணையும் அதன் வாசகத்தையும் அப்படியே தர வேண்டும். பிறகு இப்படி விளக்கலாம்:

"தங்கள் பாலிசியில் கண்புரைக்கான காத்திருப்புக் காலம் 2025 ஜூன் 9 வரை உள்ளது. சிகிச்சை அதற்கு முன்பே நடந்ததால் தொகை வழங்க இயலவில்லை. இதற்கு முன் வேறு நிறுவனத்தில் இடைவெளியின்றிக் காப்பீடு வைத்திருந்தாலோ, விபத்தால் இச்சிகிச்சை தேவைப்பட்டிருந்தாலோ, ஆவணங்களை அனுப்புங்கள், மறுபரிசீலனை செய்கிறோம்."

முடிவில் குறைதீர்ப்பு அலுவலரின் முகவரியும், காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் விவரமும் இடம்பெற வேண்டும். பாலிசிதாரர்களே, முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ஆம்புட்ஸ்மேனை அணுகுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.