கிரெடிட் கார்டு செட்டில்மென்ட்: தள்ளுபடியும் தங்கிவிடும் பதிவும்

"சார், உங்க கார்டுல ஒன்றேகால் லட்சம் நிலுவை இருக்கு. அறுபத்தைந்தாயிரம் கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்." பல மாதங்கள் கிரெடிட் கார்டு பணம் கட்ட முடியாமல் தவிப்பவருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் பெரிய ஆறுதலாக இருக்கும். பாதிப் பணத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்து, கையில் இருப்பதையும் புரட்டியதையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான், அந்தக் கணக்கு முடியவே இல்லை என்பது தெரிகிறது.

வசூல் அழைப்புகள் நின்றிருக்கும். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கார்டுக்கு எதிரே Settled என்ற சொல் நிற்கும். முழுப் பணமும் கட்டி முடித்த கணக்குக்கு அங்கே Closed என்று இருக்கும். 'இவரிடமிருந்து முழுத் தொகை வரவில்லை, நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு முடித்தோம்' என்று ஒரு வங்கி மற்ற எல்லா வங்கிகளுக்கும் சொல்லும் செய்திதான் Settled. செட்டில்மென்ட் பேசப்போகிறவர் பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலுவை எப்படி வீங்குகிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் கார்டில் 80,000 ரூபாய் செலவு செய்திருக்கிறார். வேலை போய்விட்டது. பத்து மாதம் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,800 ரூபாய் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 504 ரூபாய், ஆக 3,304 ரூபாய். தாமதக் கட்டணம் மாதம் ஆயிரம் என்றால், அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய். வட்டிக்கு வட்டி போடாமல் கணக்கிட்டாலே பத்து மாதத்தில் 44,840 ரூபாய் ஏறி, மொத்த நிலுவை 1,24,840 ரூபாய் ஆகிவிடுகிறது.

பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் இந்தப் பிரிவைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் செலவழித்த அசல் எவ்வளவு, அதன்மேல் ஏறிய வட்டியும் கட்டணமும் எவ்வளவு என்று தெரிந்தால்தான், வங்கி 'ஐம்பதாயிரம் தள்ளுபடி' என்று சொல்லும்போது அது எதிலிருந்து கழிகிறது என்பது புரியும். ஏறிய வட்டியை விட்டுக்கொடுப்பது வங்கிக்கு ஓரளவு எளிது. அசலில் கைவைப்பது அத்தனை எளிதல்ல.

வங்கி எப்போது இறங்கிவரும்?

கெடு தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால், கணக்கு தவணை தவறியதாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படலாம். 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். அதற்கு முன்புவரை வங்கி பெரும்பாலும் நிலுவையை ஈ.எம்.ஐ. ஆக மாற்றித்தருவது பற்றித்தான் பேசும். குறைத்துக் கட்டும் செட்டில்மென்ட் பேச்சு பொதுவாக வாராக்கடன் ஆன பிறகுதான் வரும். சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகு பல வங்கிகள் கடனைத் தங்கள் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளிவிடும். அறிக்கையில் அது Written-off என்று தெரியும். இதைக் கடன் ரத்து என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வங்கியின் கணக்கு ஏற்பாடு மட்டுமே. கடன் அப்படியே நிற்கிறது, வசூலும் தொடரும்.

நாள் ஆக ஆகத் தள்ளுபடி கூடுவது உண்மைதான். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அறிக்கையில் தவணை தவறிய நாட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். சிபில் அறிக்கை ஒரு கணக்குக்கு 36 மாதம் வரையிலான இந்த வரலாற்றை மாதவாரியாகக் காட்டுகிறது. பெரிய தள்ளுபடிக்காகக் கட்டாமல் இழுப்பவர், அந்தத் தள்ளுபடிக்குத் தன் கடன் வரலாற்றால் விலை கொடுக்கிறார்.

மூன்று வழிகள்

நம் உதாரணத்தில் உள்ளவர் இப்போது வேறு வேலையில் சேர்ந்துவிட்டார். அவர்முன் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, 65,000 கட்டிச் செட்டில் செய்வது. கையில் மிச்சமாவது 59,840 ரூபாய். பதிவு Settled.

இரண்டாவது, தாமதக் கட்டணங்களையும் வட்டியில் ஒரு பகுதியையும் கணக்கிலிருந்தே திரும்பக் கழிக்கும்படி கேட்பது. கேட்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'செட்டில்மென்ட் கொடுங்கள்' என்று கேட்காமல், 'கட்டணங்களை ரிவர்ஸ் செய்யுங்கள், மீதியை முழுமையாகக் கட்டுகிறேன், கணக்கை Closed என்று பதிவுசெய்வீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். வங்கி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை போனதற்கான கடிதம், மருத்துவச் செலவு ரசீது போன்ற ஆதாரங்களோடு கேட்டால் வாய்ப்பு கூடும்.

மூன்றாவது, இப்படிக் குறைத்த தொகையைத் தனிக்கடனாக மாற்றித் தவணையில் அடைப்பது. நிலுவை ஒரு லட்சத்துக்கு இறங்கி, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால், மாதம் சுமார் 4,992 ரூபாய். மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,19,800 ரூபாய். செட்டில்மென்ட்டைவிட இது கிட்டத்தட்ட 55,000 ரூபாய் அதிகம்.

அந்த 55,000 வீண் செலவா? அவர் சில வருடத்தில் 25 லட்ச ரூபாய் வீட்டுக் கடன் வாங்க நினைக்கிறார் என்று கொள்வோம். 20 வருடத்துக்கு 8.5 சதவீத வட்டியில் தவணை சுமார் 21,696 ரூபாய். பழைய பதிவின் காரணமாக வேறொரு நிறுவனம் 9 சதவீதத்துக்குத்தான் தரும் என்றால் தவணை 22,493. மாதம் 797 ரூபாய் வித்தியாசம், இருபது வருடத்தில் 1,91,000-க்கு மேல். கடனே கிடைக்காமல் போகும் வாய்ப்பு தனி. வருமானம் வரத் தொடங்கியவருக்கு இரண்டாவது, மூன்றாவது வழிகள்தான் நல்லவை.

வருமானமே இல்லாதவர் கதை வேறு. அவருக்குச் செட்டில்மென்ட் உண்மையான விடுதலை. கட்டாமலே விட்ட கணக்கைவிட, செட்டில் ஆன கணக்கு மேல். நிலுவை பூஜ்யமாகும், புதிய தவறுகள் சேர்வது நிற்கும், வழக்கு, மத்தியஸ்த நோட்டீஸ் பயம் போகும். இதைத் தேர்ந்தெடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

காகிதம் கைக்கு வரும்வரை பணம் கூடாது

செட்டில்மென்ட்டில் அதிகம் ஏமாற்றப்படுவது இந்த இடத்தில்தான். வசூல் ஏஜென்ட் போனில் தரும் வாக்குறுதி வங்கியைக் கட்டுப்படுத்தாது. வங்கியின் லெட்டர்ஹெட்டிலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ கடிதம் வர வேண்டும். கார்டின் கடைசி நான்கு எண்கள், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்டவேண்டிய தேதிகள், கட்டியபின் வேறு பாக்கி இல்லை என்ற வாசகம், கடன் தகவல் நிறுவனத்துக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்பது, இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் உண்மையானதுதானா என்று வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது. கடன் வேறொரு சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தால், சிபில் அறிக்கையில் அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். அப்போது பேச வேண்டியது அவர்களிடம்தான்.

பணத்தைக் கார்டு கணக்குக்கோ வங்கியின் அதிகாரபூர்வ வழியிலோ மட்டுமே செலுத்த வேண்டும். ஏஜென்ட்டின் சொந்த யூ.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பிய பணம் வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததாக நிரூபிப்பது பெரும்பாடு. தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டால், தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு தவணை தவறினாலும் ஒப்பந்தம் ரத்தாகி, பழைய நிலுவை முழுதாகத் திரும்ப வரும் என்ற நிபந்தனை இந்தக் கடிதங்களில் வழக்கமாக இருக்கும்.

பேச்சு நடக்கும் காலத்திலும் மிரட்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் நிலுவைக்காக வசூல் ஏஜென்ட்டுகள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. வங்கியில் புகார் செய்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

கட்டிய பிறகு

கட்டி முடித்ததும் 'பாக்கி இல்லை' சான்றிதழ் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். செட்டில் ஆன கணக்கில் நிலுவையும் தவணை பாக்கியும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பழைய தொகையே இன்னும் தெரிந்தால், சான்றிதழை இணைத்து அறிக்கை நிறுவனத்திடமும் வங்கியிடமும் திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். ஆனால் Settled என்ற சரியான பதிவைப் புகார் கொடுத்து நீக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அழித்துத் தருவதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

செட்டில் செய்த வங்கியில் குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் கிடையாது. 2023 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதியின்படி, விவசாயக் கடன் அல்லாதவற்றுக்கு இந்த இடைவெளி கட்டாயம். மற்ற வங்கிகள் தங்கள் கொள்கைப்படி முடிவெடுக்கும். கடன் தகவலைக் குறைந்தது ஏழு வருடம் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டத்தின் கீழ் உள்ள விதி. ஆகவே இந்தப் பதிவு சீக்கிரம் மறையாது.

மாற்ற ஒரு நேர்வழி உண்டு. நிலைமை சீரானதும் அதே வங்கிக்குக் கடிதம் எழுதி, அன்று தள்ளுபடி செய்த தொகையில் எவ்வளவு கட்டினால் கணக்கை Closed என்று மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். நம் உதாரணத்தில் அது அதிகபட்சம் 59,840 ரூபாய். எவ்வளவு கேட்பது என்பது வங்கியின் முடிவு. கட்டினால் புதிய சான்றிதழ் வாங்கி, அறிக்கையில் மாறியதா என்று பார்க்க வேண்டும். முன்பு தவறிய தவணைகளின் வரலாறு அப்போதும் இருக்கும், ஆனால் வீட்டுக் கடன் அதிகாரி முதலில் தேடும் Settled என்ற சொல் இருக்காது. வீட்டுக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு ஓடுவதைவிட, விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.